பிழையே இல்லாத கடிதம்: பனியன் கம்பெனி அக்கவுன்ட்ஸ் பிரிவில் ஃபிஷிங் கற்றுக்கொடுத்தது

திருப்பூரில் ஒரு நடுத்தர ஏற்றுமதி கம்பெனியில் கம்ப்யூட்டர், நெட்வொர்க், மெயில் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்வது என் வேலை. 2024 கடைசியில் எங்கள் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து ரூ.18 லட்சத்துச் சொச்சம் மோசடிக்காரர்களின் கணக்குக்குப் போனது. பணத்தை அனுப்பிய பெண் கவனக்குறைவானவர் இல்லை. வருடா வருடம் வெளியிலிருந்து ஒரு ஏஜென்சி வந்து நடத்தும் வகுப்பில் உட்கார்ந்தவர், அங்கே சொன்னதை அப்படியே கடைப்பிடித்தவர். எழுத்துப்பிழை இருக்கிறதா, வாக்கியம் கோணலாக இருக்கிறதா, பெயர் சொல்லாமல் ‘அன்புள்ள வாடிக்கையாளரே’ என்று தொடங்குகிறதா, மிரட்டுகிறதா என்று அந்த வகுப்பின் பட்டியல் மானிட்டருக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருந்தது. வந்த மெயில் அதில் எல்லாவற்றிலும் பாஸ் ஆகிவிட்டது.

“லெட்டர் அவ்வளவு நல்லா இருந்துச்சுங்கண்ணா. ஒரு தப்புகூட இல்லீங்க. அதனாலதான் சந்தேகமே வரலீங்க” என்றார். இந்தப் பதிவை எழுதக் காரணமே அந்தப் பதில்தான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். நாங்கள் பல வருடங்களாக நூல் வாங்கும் ஒரு மில் இருக்கிறது. அந்த மாதம் 30-ஆம் நம்பர் கோம்டு நூல் இரண்டு தவணையாக வந்திருந்தது, பில் பாக்கி இருந்தது. மில்லின் மார்க்கெட்டிங் மேனேஜர் பெயரில், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த மெயில் தொடரிலேயே பதிலாக ஒரு மெயில் வந்தது. கீழே எங்கள் பழைய மெயில்கள் எல்லாம் அப்படியே இருந்தன. பில் எண் சரி, தொகை சரி, இரண்டாவது லாரி ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் இருந்தது. அதற்கப்புறம்தான் விஷயம்: எங்கள் வழக்கமான கணக்கில் ஆண்டுத் தணிக்கை நடப்பதால் வரவு வைப்பதில் சிக்கல் இருக்கிறது, இந்த பில்லுக்கு மட்டும் இணைப்பில் உள்ள கணக்குக்கு அனுப்புங்கள், சிரமத்துக்கு மன்னிக்கவும். இணைப்பில் லெட்டர்பேட், சீல், கையெழுத்தோடு ஒரு பிடிஎஃப். மிரட்டலும் இல்லை, அவசரமும் இல்லை. ‘உங்களுக்கு வசதிப்படும்போது’ என்றுதான் எழுதியிருந்தது.

அந்தப் பெண் போன் பண்ணியும் கேட்டார். ஆனால் மெயிலின் அடியில் கையெழுத்துப் பகுதியில் இருந்த எண்ணுக்குப் பண்ணினார். அந்த எண் மாற்றப்பட்டிருந்தது. மறுமுனையில் பேசியவர் பில் எண்ணை அவராகவே சொல்லி, ஆமாம் என்றார். மதியம் ஆர்டிஜிஎஸ் போனது. அன்று சாயங்காலம் மில்லிலிருந்து உண்மையான ஆள் வேறு வேலையாகக் கூப்பிட்டு, பேச்சுவாக்கில் “பணம் இன்னும் வரலீங்களே” என்று கேட்டபோதுதான் தெரிந்தது.

உடனே 1930-க்குக் கூப்பிட்டோம், cybercrime.gov.in தளத்தில் புகார் பதிந்தோம், எங்கள் வங்கிக் கிளை மேலாளரையும் பிடித்தோம். சில மணி நேரத்துக்குள் சொன்னதால் ஒரு பகுதியை அந்தக் கணக்கிலேயே முடக்க முடிந்தது. மீதி அதற்குள் வேறு கணக்குகளுக்குச் சிதறிவிட்டது. முடங்கிய பணம்கூட நீதிமன்ற உத்தரவு வாங்கித்தான் திரும்பி வரும் என்பதால் அதற்கு மாதக்கணக்கில் அலைச்சல். இப்படி நடந்தால் முதலில் 1930, வங்கி. வீட்டுக்குள் யார் தப்பு என்று விசாரிப்பது எல்லாம் அடுத்த நாளுக்கு.

திருடர்கள் எங்கள் பக்கம் நுழையவில்லை. மில் மேனேஜரின் மெயில் பாஸ்வேர்டு எப்போதோ ஒரு போலி லாகின் பக்கத்தில் பறிபோயிருந்தது. உள்ளே வந்தவர்கள் எதையும் அழிக்காமல், பொறுமையாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மில்லின் கணினி ஆள் பார்த்தபோது அந்த மெயில்பெட்டியில் ஒரு விதி எழுதி வைக்கப்பட்டிருந்தது: எங்கள் கம்பெனி பெயர் உள்ள மெயில் வந்தால், யாரும் திறந்தே பார்க்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்குத் தானாகப் போய்விட வேண்டும். அப்புறம் மில்லின் முகவரியைப் போலவே ஒரு டொமைன் பதிவு செய்திருக்கிறார்கள். அசலில் `spinning` என்று இருந்த இடத்தில் போலியில் `spining`. மெயிலை வாங்கிய பெண் போனில் படித்தார். போனில் முகவரியே தெரியாது, மேனேஜர் பெயர் மட்டும்தான் தெரியும். ஜிமெயிலில் பெயருக்குக் கீழே உள்ள சின்ன அம்புக்குறியைத் தட்டினால்தான் முழு முகவரி விரியும்.

எங்கள் மெயில் வடிகட்டியும் அதைத் தடுக்கவில்லை. தலைப்புத் தகவலைத் திறந்து பார்த்தால் இப்படி இருந்தது:

```
spf=pass dkim=pass dmarc=pass
```

பலர் இதைப் பார்த்து ‘மெயில் உண்மையானது’ என்று நினைத்துவிடுகிறார்கள். இது சொல்வதெல்லாம், மெயில் எந்த டொமைனிலிருந்து வந்ததாகச் சொல்கிறதோ அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதை மட்டுமே. போலி டொமைன் திருடனுக்கே சொந்தம். அதற்கு எல்லா அமைப்பையும் அவன் ஒழுங்காகச் செய்திருப்பான்.

இனி கடிதத்தின் மொழிக்கு வருகிறேன். மில் மேனேஜர் உண்மையில் அனுப்பிய பழைய மெயில்களை எடுத்து வைத்துப் பார்த்தேன். நூல் வியாபாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும், யாரும் இலக்கணம் பார்த்து ஆங்கிலம் எழுதுவதில்லை. பாதி சொற்கள் சுருக்கெழுத்து, முற்றுப்புள்ளி கிடையாது, ‘லாட் 2 நாளை வரும், பணம் போடுங்க’ என்ற அளவில் ஒரு வரி. எங்கள் வகுப்புப் பட்டியலை வைத்து மதிப்பெண் போட்டால் பத்து வருட நம்பிக்கையுள்ள மேனேஜர் மோசடிக்காரர், பணத்தைத் திருடியவன் யோக்கியன். திருப்பூர், கோவை, கரூர் பக்கம் எந்த அக்கவுன்ட்ஸ் பிரிவில் பார்த்தாலும் இதே கதையாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்தை ஏஐ கருவிதான் எழுதியது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஒரு கடிதத்தை மட்டும் வைத்து யாராலும் நிரூபிக்க முடியாது. மனிதன் எழுதினானா, இயந்திரம் எழுதியதா என்ற ஆராய்ச்சி அக்கவுன்ட்ஸ் மேசைக்குத் தேவையும் இல்லை. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்ததற்கு அப்புறம் நல்ல ஆங்கிலத்தில் பணிவான வியாபாரக் கடிதம் எழுதுவதற்கு ஆகும் செலவு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. நமக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

முன்பு மோசடி மெயில்கள் ஏன் அவ்வளவு மட்டமாக இருந்தன என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹெர்லி 2012-ல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். நைஜீரிய இளவரசர் கதை போன்ற மெயில்கள் நம்பவே முடியாதபடி இருப்பது திருடனுக்கு லாபம். லட்சக்கணக்கானோருக்கு மெயில் அனுப்புவது சுலபம், ஆனால் பதில் போடுகிறவர்களோடு வாரக்கணக்கில் பேசி ஏமாற்றுவது கஷ்டமான வேலை. அதனால் சந்தேகப்படுகிறவர்கள் முதலிலேயே விலகிவிட வேண்டும், ஏமாறக்கூடியவர்கள் மட்டும் மிஞ்ச வேண்டும். நம் வகுப்புகள் ஒரு குறிப்பிட்ட வகைத் திருடனின் தொழில்முறையைப் பார்த்துவிட்டு, ‘திருட்டு மெயில் என்றால் இப்படித்தான் இருக்கும்’ என்று பாடம் எழுதிவிட்டன. ஒரு கம்பெனி, ஒரு பில், ஒரு அக்கவுன்டன்ட் என்று குறிவைக்கிறவனுக்கு அந்த வடிகட்டல் வேண்டாம். முன்பு அவனைத் தடுத்தது மொழியும் நேரமும்தான். ஃபிரெட் ஹைடிங் என்ற ஹார்வர்ட் ஆய்வாளரின் குழு 2024-ல் 101 பேரிடம் சோதித்துப் பார்த்தது. ஆளைப் பற்றித் தானாகவே தகவல் திரட்டி ஏஐ எழுதிய மெயிலில் 54 சதவீதம் பேர் லிங்க்கைச் சொடுக்கினார்கள். நிபுணர்கள் கையால் எழுதியதிலும் அதே 54 தான். வழக்கமான மொத்த ஸ்பாம் மெயிலில் 12. சிறிய சோதனைதான், ஆனால் நிபுணரின் நேரம் இனி திருடனுக்குத் தேவையில்லை என்பதைக் காட்டப் போதும்.

எங்கள் சம்பவத்துக்கு அப்புறம் வேறு கம்பெனி நண்பர்கள் சிலர் உடனே ஒரு புதுப் பாடத்தோடு வந்தார்கள்: “ரொம்ப நல்லா எழுதியிருந்தா சந்தேகப்படுன்னு சொல்லிக்கொடுங்க.” இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முதல் காரணம், எங்கள் மெர்ச்சன்டைசர்களே இப்போது பையருக்குப் போகும் கடிதங்களை அதே கருவிகளில் திருத்தி அனுப்புகிறார்கள். நேர்மையான மில்களும் அப்படித்தான். இன்னும் ஆறு மாதத்தில் எல்லா மெயிலும் ஒரே மாதிரி வழவழவென்று இருக்கும். இரண்டாவது காரணம் மோசமானது. மெயில்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவனிடம் மேனேஜரின் பழைய மெயில்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றைக் கொடுத்து ‘இதே நடையில் எழுது’ என்றால் கருவி சுருக்கெழுத்து, பிழை எல்லாவற்றோடும் எழுதித் தரும். தமிழிலும் தரும். முன்பெல்லாம் எங்கள் ஹெச்ஆர் பிரிவில் தமிழில் வந்தால் நம்பலாம், வெளிநாட்டுத் திருடனுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்ற எண்ணம் இருந்தது. போன வருடம் சூப்பர்வைசர்களுக்கு பிஎஃப் கேஒய்சி பற்றி சுத்தமான தமிழில் ஒரு போலி மெயில் வந்ததும் அந்த எண்ணமும் போனது. நடையை வைத்து எந்தத் திசையிலும் முடிவெடுக்க முடியாது.

அதனால் வகுப்பைத் தலைகீழாக மாற்றினோம். ‘மெயில் எப்படி இருக்கிறது’ என்ற கேள்வியை எடுத்துவிட்டு, ‘மெயில் என்னைச் செய்யச் சொல்வது என்ன’ என்ற கேள்வியை வைத்தோம். எங்கள் கம்பெனியில் ஆபத்தான கோரிக்கைகள் நிறைய இல்லை. வங்கிக் கணக்கு மாற்றம், வழக்கத்தில் இல்லாத பணம் அனுப்புதல், லாகின் செய்யவோ ஓடிபி சொல்லவோ கேட்பது, சரக்கு போகும் இடத்தையோ ஷிப்பிங் ஆவணங்களையோ மாற்றுவது. இந்த நான்கில் ஒன்று இருந்தால் கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு கோணலாக இருந்தாலும், முதலாளியே அனுப்பியிருந்தாலும், நடைமுறை ஒன்றுதான்.

அந்த நடைமுறையில் முக்கியமானது திரும்பக் கூப்பிடுவது. போன் பண்ணினால் மட்டும் போதாது, எந்த எண்ணுக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சப்ளையரை முதன்முதலில் டாலியில் சேர்க்கும்போது, நேரில் அல்லது பர்ச்சேஸ் மேனேஜர் மூலம் இரண்டு ஆட்களின் எண் வாங்கி ஒரு ரிஜிஸ்டரில் எழுதி வைக்கிறோம். கணக்கு மாற்றம் என்றால் அந்த ரிஜிஸ்டர் எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் ‘இந்த எண்தானே உங்கள் புதுக் கணக்கு’ என்று நாம் படித்துக் காட்டக் கூடாது. ‘உங்கள் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் சொல்லுங்கள்’ என்று அவர்களைச் சொல்லவைக்க வேண்டும். அவசரத்தில் இருக்கும் ஆள் எதைப் படித்துக் காட்டினாலும் ஆமாம் என்றுதான் சொல்வார். அப்புறம் யார் கூப்பிட்டது, யார் பேசியது, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்து. ரிஜிஸ்டரில் உள்ள போன் எண்ணையே மாற்றச் சொல்லி மெயில் வந்தால், அதுவும் இதே விதிக்குள் வரும். இந்த ஓட்டையை எங்கள் பர்ச்சேஸ் மேனேஜர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

வீடியோ காலில் பார்த்துவிட்டால் போதாதா என்று வகுப்பில் கேட்டார்கள். 2024 தொடக்கத்தில் ஹாங்காங்கில் அரூப் என்ற பெரிய பொறியியல் நிறுவனத்தில் நடந்ததைச் சொன்னேன். பிரிட்டனில் இருக்கும் நிதித் தலைவர் பெயரில், ரகசியமாகப் பணம் அனுப்ப வேண்டும் என்று ஒரு செய்தி வந்தது. அந்த ஊழியர் முதலில் சரியாகவே சந்தேகப்பட்டார். அப்புறம் வீடியோ கூட்டத்துக்கு அழைத்தார்கள். அதில் தெரிந்த முகங்கள், தெரிந்த குரல்கள், எல்லாம் போலியாக உருவாக்கியவை. அவர் சமாதானமாகி 15 தவணையில் 20 கோடி ஹாங்காங் டாலர் அனுப்பினார். சந்தேகம் வர வேண்டிய நேரத்தில் சரியாக வந்தது. சந்தேகம் வந்த பிறகு எந்த வழியில் அதைத் தீர்த்துக்கொள்வது என்பதில்தான் உடைந்தது. கேட்டவனே அமைத்துக் கொடுத்த வழியில் போய்ச் சரிபார்த்தால் அது சரிபார்ப்பு இல்லை. எங்கள் பெண் மெயிலில் இருந்த எண்ணுக்குப் போன் பண்ணியதும் இதேதான்.

விதி எழுதுவது சுலபம், அதைக் கடைப்பிடிக்க விடுவது கஷ்டம். நூல் வரவில்லை என்றால் நிட்டிங் நிற்கும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும். அந்த நெருக்கடியில் இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருவர் ‘கன்ஃபர்ம் ஆகாமல் பணம் அனுப்ப மாட்டேன்’ என்று சொல்ல வேண்டும் என்றால், அவருக்குப் பின்னால் யாராவது நிற்க வேண்டும். எங்கள் முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு, நான் போனில் கத்தினாலும் ரிஜிஸ்டர் எண்ணுக்குக் கூப்பிடாமல் கணக்கை மாற்றாதீர்கள், அதனால் ஒரு லோடு தாமதமானால் அது என் பொறுப்பு என்று சொன்னார். கொஞ்ச நாளில் அதற்குச் சோதனையும் வந்தது. ஒரு சாயப்பட்டறை உண்மையிலேயே வங்கியை மாற்றியது. ரிஜிஸ்டரில் இருந்தவர் ஊரில் இல்லை, பணம் இரண்டு நாள் நின்றது. பட்டறைக்காரர் முதலாளியிடமே கோபப்பட்டார். முதலாளி அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, “சரியாத்தான் பண்ணியிருக்கீங்க” என்றார். நான் நடத்திய எந்த வகுப்பையும்விட அந்த ஒரு வாக்கியம் அதிகமாகக் கற்றுக்கொடுத்தது. நான் இதை நேரில் பார்த்தேன்.

மோசடி மெயில் போலவே சோதனை மெயில் அனுப்பி ஆட்களைப் பழக்குவதையும் மாற்றினோம். ஏஜென்சி அனுப்பிய பழைய சோதனை மெயில்களில் லாட்டரி, கூரியர், பரிசுக் கூப்பன். எல்லோரும் கண்டுபிடித்தார்கள், அறிக்கையும் பச்சையாக வந்தது. அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2020-ல் கொண்டுவந்த ஃபிஷ் ஸ்கேல் என்ற அளவுகோல், மெயிலில் உள்ள தடயங்களை எண்ணுவதோடு, மெயில் சொல்லும் கதை அதைப் பெறுபவரின் வேலையோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதையும் பார்க்கிறது. அதை வைத்துப் பார்த்தால் அக்கவுன்ட்ஸ்காரருக்கு லாட்டரி மெயில் சோதனையே இல்லை. இப்போது நான் எழுதும் சோதனை மெயிலில் பிழை இருக்காது. அக்கவுன்ட்ஸுக்கு டெபிட் நோட், மெர்ச்சன்டைசருக்குத் திருத்திய டெக் பேக், ஷிப்பிங் பிரிவுக்கு பில் ஆஃப் லேடிங் திருத்தம். சம்பளம், போனஸ் விஷயத்தை மட்டும் தொடுவதில்லை. போனஸ் என்று சொல்லி ஏமாற்றினால் ஆட்கள் மோசடிக்காரனை வெறுப்பதற்குப் பதில் கம்பெனியை வெறுப்பார்கள்.

யார் சொடுக்கினார்கள் என்று பட்டியல் போடுவதையும் நிறுத்திவிட்டேன். ஜூரிச்சில் உள்ள ஈடிஹெச் பல்கலைக்கழகத்தினர் ஒரு பெரிய நிறுவனத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் 15 மாதம் ஆய்வு செய்து 2022-ல் வெளியிட்டார்கள். சோதனை மெயிலைச் சொடுக்கியவுடன் பாடம் காட்டும் வழக்கமான முறை பயன் தரவில்லை, சில பேரை இன்னும் எளிதில் ஏமாறுபவர்களாக ஆக்கியது. பலன் தந்தது வேறொன்று: சந்தேக மெயிலைப் புகார் செய்ய ஒரு பட்டன் கொடுத்தபோது ஊழியர்கள் கூட்டாகவே புது மோசடிகளைச் சீக்கிரம் பிடித்தார்கள், மாதங்கள் ஆகியும் சலிக்கவில்லை. அதனால் நான் பார்ப்பது ஒரே எண்: மெயில் போய் எத்தனை நிமிடத்தில் முதல் ஆள் சொன்னார். ஒருவர் பத்து நிமிடத்தில் சொன்னால் மற்ற பெட்டிகளிலிருந்து அதை எடுத்துவிடலாம். மெயிலில் பட்டன் இருக்கிறது, ஆனால் எங்கள் ஆட்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் அனுப்பி “அண்ணா இது சரியான மெயிலுங்களா?” என்று கேட்கிறார்கள். அதுவும் எனக்குப் போதும். சரியான மெயிலாகவே இருந்தாலும் கேட்டதற்கு நன்றி சொல்லித்தான் பதில் போடுகிறேன். இரண்டு தடவை அலுத்துக்கொண்டால் மூன்றாவது தடவை கேட்க மாட்டார்கள்.

ஆனாலும் பயிற்சி எல்லாவற்றையும் தாங்காது. மனிதன் அசரும் நாள் ஒன்று வரும் என்று வைத்துக்கொண்டுதான் மற்ற ஏற்பாடு. நெட் பேங்கிங்கில் ஒருவர் போடுவது, இன்னொருவர் அனுமதிப்பது. புதுக் கணக்குக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பிக் கேட்பது. எங்கள் பணம் போன காலத்தில் ஆர்டிஜிஎஸ்ஸில் கணக்கு எண் மட்டும்தான் பார்க்கப்பட்டது, நாம் தட்டச்சும் பெயர் பொருந்துகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. கணக்கு எண்ணைப் போட்டதும் வங்கிப் பதிவில் உள்ள பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் இரண்டுக்கும் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இப்போது அந்தப் பெயரைப் பார்க்காமல் யாரும் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது என்பது எங்கள் விதி. மில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ ஒரு டிரேடர்ஸ் வந்தால் அங்கேயே நின்றுவிடும்.

இன்னும் தீராதது எங்கள் பையர்கள் பக்கம். எங்கள் பெயரில், எங்களைப் போன்ற டொமைனிலிருந்து, ஐரோப்பாவில் இருக்கும் பையருக்கு ‘கணக்கு மாறிவிட்டது’ என்று அழகான ஆங்கிலத்திலோ ஜெர்மனிலோ மெயில் போனால் அதைத் தடுக்க எங்களால் முடியாது. எங்கள் டொமைனுக்கு டிமார்க் `p=reject` போட்டிருக்கிறோம். அது எங்கள் முகவரியையே போலியாகப் போடுவதைத் தடுக்கும், ஒரு எழுத்து மாறிய டொமைனைத் தடுக்காது. அவர்களின் அக்கவுன்ட்ஸ் ஆட்களுக்கு நான் வகுப்பு எடுக்கவும் முடியாது. செய்ய முடிந்ததைச் செய்கிறோம். ஆர்டர் உறுதியாகும் முதல் காலிலேயே வங்கி விவரத்தை வாயால் சொல்லி, கூப்பிட வேண்டிய எண்ணையும் கொடுக்கிறோம். எங்கள் கணக்கு மெயில் மூலம் ஒருபோதும் மாறாது, அப்படி மெயில் வந்தால் இந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுகிறோம். சில பையர்கள் பணம் அனுப்பும் முன் கூப்பிடுகிறார்கள். கூப்பிடாதவர்களுக்கு, பணம் அனுப்ப வேண்டிய தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எங்கள் மெர்ச்சன்டைசரே கூப்பிட்டுப் பேசிவிடுகிறார்.